பூஜ்யம் காட்டிய கருவி

வெல்டிங் பர்மிட் தாளில் "குழாயில்: ஹைட்ரஜன்" என்று எழுதியிருந்தது. போன முறை அதே இடத்தில் "இயற்கை எரிவாயு" என்றுதான் இருந்தது.

கருவி அறையிலிருந்து உலைக்கூடத்துக்கு ஓடினேன். என் தம்பி முகமூடியோடு குழாய்ப்பக்கம் நின்றிருந்தான். வெல்டிங் மெஷினை இன்னும் போடவில்லை.

"தொடாதேடா! எல்லாரும் வெளிய வாங்க!"

சேஃப்டி ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆளை நாங்கள் ரூல்புக் என்போம். "என்னம்மா கூத்து இது? மீட்டர்ல பூஜ்யம். கேஸ் இல்ல. பர்மிட் குடுத்தாச்சு."

"இது இன்ஃப்ராரெட் மீட்டர் சார். கூடம் முழுக்க ஹைட்ரஜன் நிறைஞ்சாலும் பூஜ்யம்தான் காட்டும்."

"இன்னைக்குக் காலையிலதானே டெஸ்ட் பண்ணீங்க?"

"மீத்தேன் வச்சு!"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மீத்தேன் சும்மா இருக்கும்போது மின்சுமை எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அதிரும்போது சில அசைவுகளில் சாய்கிறது. மீட்டரின் அகச்சிவப்பு ஒளி பிடித்து ஆட்ட அந்தச் சாய்வு போதும். அதிர்வு ஒரு படி ஏறுகிறது, ஒளி குறைகிறது, மீட்டர் எண் காட்டுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுவும் ஒரே வகை. இழுத்தாலும் சுருக்கினாலும் சுழன்றாலும் சுமை சரிபாதியாகவே நிற்கும். ஒளி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அப்படித்தான். அதனால்தான் காற்றிலேயே இந்த மீட்டர் வேலை செய்கிறது. கல்லூரியில் முதல் வாரத்துப் பாடம் இது. எரிபொருளை மாற்றியவர்களில் ஒருத்தருக்குக்கூடக் கருவி அறைக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

"பாடம் எடுக்காதீங்க" என்றார் ரூல்புக்.

வாயுவை உள்ளேயே எரித்துப் பார்க்கும் பழைய மீட்டரை எடுத்துக் கதவோரம் கூரைப்பக்கம் நீட்டினேன். அலறியது. வெடிக்கத் தேவையான அளவில் முப்பத்தெட்டு சதவீதம். பக்கத்தில் இருந்த புது இன்ஃப்ராரெட் மீட்டர் அப்போதும் சமர்த்தாகப் பூஜ்யம் காட்டியது.

ரூல்புக் இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "கேஸை எப்ப மாத்தினாங்க?" என்று உலை ஆபரேட்டரைக் கேட்டார்.

"நாலு மாசம் ஆச்சு சார்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மீட்டரைத் தரையில் அடித்திருப்பேன். நாலு மாதம்! மனித உயிர் என்ன கிள்ளுக்கீரையா? வாய்க்கு வந்தபடி கத்தினேன். பழைய பர்மிட்டையெல்லாம் கொண்டு வாருங்கள், யார் யார் கையெழுத்து என்று பார்ப்போம் என்றேன்.

தம்பி முகமூடியைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இந்த நாலு மாசத்துல நான் இங்க மூணு தடவை வெல்டிங் அடிச்சிருக்கேன்."

கோப்பு வந்தது. மூன்று தாள்கள். மூன்றிலும் பழைய படிவத்தைப் பார்த்து எழுதியதுபோல "இயற்கை எரிவாயு". மூன்றிலும் பூஜ்யம். அதன் கீழே "கருவி சரியாக உள்ளது" என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து. குழாயில் என்ன ஓடுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்காமல் நான் போட்ட கையெழுத்து.