வேலையெல்லாம் முடிச்சிட்டுப் போ

அம்சவள்ளி கேட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கு அந்த வீட்டில் நடந்த கூத்து இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனி மாதம் அவளுடைய அம்மா இறந்துபோனாள். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா பிச்சைமுத்து தனியாகக் கிடந்தார். தம்பி குடும்பத்தோடு பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது, வந்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டான். ஊரெல்லாம் வெடி வெடிக்கும்போது அப்பா மட்டும் அடுப்புப் பற்றவைக்காத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதை நினைத்தாலே அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் பலகாரத்தோடு போய், தீபாவளி அன்று கூட இருந்துவிட்டு, அமாவாசை நோன்புக்குக் காலையிலேயே திரும்பிவிடுகிறேன் என்று ஆவணிக் கடைசியில் மாமியாரிடம் கேட்டாள்.

மாமியார் செல்லியம்மாள் வெற்றிலையை மென்று முடித்தாள். பிறகு, "வேலையெல்லாம் முடிச்சிட்டுப் போ," என்றாள்.

அம்சவள்ளி அதை வரமாகவே எடுத்துக்கொண்டாள். கச்சிராயபாளையம் சாலையில் இருந்த அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே எல்லோருக்கும் வேலையை ஞாபகப்படுத்துவது அவள்தான். யாரும் சொல்லி அவள் செய்ததில்லை. சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று பட்டுத் தெரிந்துகொண்டதுதான். துணிதான் முதலில். புரட்டாசி பாதி தாண்டினால் எந்தத் தையல்காரனும் கை நீட்டி வாங்கமாட்டான். அடுத்தது பரணை இறக்கி ஒட்டடை அடிப்பது. அதற்கடுத்து சுவருக்குச் சுண்ணாம்பு. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அடித்தால்தான் காயும், இல்லாவிட்டால் முழுக்கத் திட்டுத் திட்டாக நிற்கும். அதற்குப் பிறகு எண்ணெய், வெல்லம், பச்சரிசி. கடைசி வாரம் அதிரசத்துக்கு மாவு. பாகில் கிளறிய மாவு நாலு நாளாவது ஊறவேண்டும்.

சாப்பாட்டு வேளையில்தான் சொல்லுவாள். கையில் சோறு இருக்கும்போது யாரும் எழுந்து ஓடமுடியாது அல்லவா.

அந்த வருடம் புரட்டாசி பிறந்த அன்றே அவள் ஆரம்பித்தாள். அன்றைக்கேதான் சாலை மறியலும் ஆரம்பித்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம். புளியமரமும் வேப்பமரமும் வெட்டி ரோட்டில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு பஸ் ஓடவில்லை. புருஷன் வெங்கடேசன் காலையில் போய் ஊர்க்காரர்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி சோற்றுக்கு வந்தான். துணி எடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போவது எப்போது என்று அவள் கேட்டதற்கு, நாடே ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது, இவளுக்கு ஜாக்கெட்டுத் துணியா என்று எரிந்து விழுந்தான். அது நியாயம்தான் என்று அவளும் விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு படிப்பு, ஒரு வேலை என்றால் அவளுக்கும் வேண்டியதுதானே.

மறியல் முடிந்தது. போலீஸ் வந்தது. வீடு வீடாக ஆள் தேடினார்கள். சுண்ணாம்பு அடிக்கவேண்டிய கொழுந்தன் அய்யனார் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டான். சாமை வாங்கப் போகும் பழக்கத்தில் தெரிந்த வீடு ஒன்று அங்கே இருந்தது. இதையும் அவள் குறை சொல்லவில்லை. உயிரா, சுவரா?

ஆனால் அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் அவள் பொறுமையைச் சோதித்தன. துணியை நினைவுபடுத்தினால், சேலத்திலிருந்து சரக்கே வரவில்லையாம், அடுத்த சந்தைக்குப் பார்க்கலாம் என்றான் வெங்கடேசன். பரணை நினைவுபடுத்தினால் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. போலீஸ் கெடுபிடி அடங்கி ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் வீடு திரும்பியும் அய்யனார் மட்டும் மலையிலிருந்து இறங்கவில்லை. ஆள் அனுப்பட்டுமா என்று அவள் கேட்டபோது, இப்ப வேணாம், இன்னும் நாலு நாள் போகட்டும் என்றாள் செல்லியம்மாள். நாலு நாள் கழித்துக் கேட்டாலும் அதே நாலு நாள்தான். செவிடன் காதில் ஊதிய சங்குபோல அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாத்திரத்தைக் கழுவும்போது அந்தச் சத்தத்திலேயே தெரு திரும்பிப் பார்த்தது. நோகாமல் நோன்பு கும்பிடப் பிறந்த கூட்டம் என்று பானையிடம் சொன்னாள், அம்மிக்கல்லிடம் சொன்னாள். வாயைத் திறந்து மனிதரிடம் சொன்னால் ஊருக்குப் போவதே கெட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. அதனால் முந்தானையைச் செருகிக்கொண்டு தானே இறங்கினாள். பரணை அவளே இறக்கினாள். சுண்ணாம்புக் கல்லை வாங்கிவந்து பானையில் நீற்றி, நீலம் கலந்து, ஏணி வைத்துத் தெருப் பக்கத்துச் சுவரை அவளே அடித்தாள். கை வெந்து தோல் உரிந்தது. பின்பக்கச் சுவர் பாதி ஆகும்போது மழை பிடித்துக்கொண்டது. வெங்கடேசன் ஏணியின் கீழே வந்து நின்று, இவ்வளவு அவசரம் எதுக்கு என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

துணிதான் அவளால் முடியாத காரியம். காசு அவன் இடுப்பில் இருந்தது. ஒரு வழியாக, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது துணி எடுத்துவந்தான். தையல்காரர் செல்லமுத்துவிடம் கொடுத்தாகிவிட்டது, கவலைப்படாதே என்றான். அதன்பிறகு அவள் தினமும் அதைத்தான் கேட்டாள். ஆச்சா, ஆச்சா என்று. ஆகும், ஆகும் என்றான். பிள்ளைகள் இரண்டுக்கும் புதுத்துணி கையில் வராமல் அவள் எப்படிப் படியிறங்குவாள்? பண்டிகை அன்று பிள்ளைகளைப் பழந்துணியோடு விட்டுவிட்டுப் பிறந்தவீட்டுக்கு ஓடியவள் என்ற பேர் ஏழு ஊருக்குப் போதும்.

அதிரசம் மட்டும் அவள் கையில் இருந்த வேலை. அது ஒரு நாள் தப்பவில்லை. அரிசி ஊறி, நிழலில் உலர்ந்து, ஈரம் காயும் முன்னால் இடிபட்டு, சலிக்கப்பட்டு, தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும் தக்காளிப் பதப் பாகில் விழுந்து, துணி கட்டிய பானையில் ஊறிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் விடிவதற்குள் ஒரு ஈடு சுட்டு எடுத்துவிட்டாள். நோன்புக்கு வேண்டியதை நோன்பு அன்றுதான் சுடவேண்டும் என்பதால் மீதி மாவை மூடி வைத்தாள். தூக்குவாளியில் அப்பாவுக்கு அதிரசமும் முறுக்கும் அடுக்கினாள். பிறகு பிள்ளைகளின் துணிக்காகக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள்.

போகும்போதே செல்லமுத்துவை என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசை கட்டிக்கொண்டுதான் போனாள். கடையில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அம்சவள்ளியைப் பார்த்ததும் செல்லமுத்து ஊசியை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"இன்னா அண்ணி, நீங்க வந்துகினு? உங்க வூட்டுத் துணிய இன்னும் வெட்டவே இல்லியே."

"தீவாளி நாளைக்குண்ணா."

"எனக்குத் தெரியாதா? நான் அன்னிக்கே தச்சிக் குடுக்கறேன்னுதான் சொன்னேன். உங்க வூட்டுக்காரருதான், அவசரமில்ல, பண்டிகை கழிஞ்சிகூட வாங்கிக்கிறேன், மத்தவங்களுத முடின்னாரு. நேத்துகூட வந்து சொல்லிட்டுப் போனாரே."

அம்சவள்ளி மனத்தில் கட்டிவைத்திருந்த வரிசையில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. நேத்து அவன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை, தையல்காரனிடம் போய் அவசரமில்லை என்று ஞாபகப்படுத்திவிட்டு வந்திருக்கிறான்! அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் மத்தியில் அழக்கூடாது என்று துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் இரண்டு பிள்ளைகளுக்கும் தைத்த சட்டையும் பாவாடையும் எடுத்தாள். முட்டை விற்றுச் சேர்த்த காசு அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அய்யனார் அன்று காலையில்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தான். அவனுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தது. அம்சவள்ளி வெட்டாத துணியை வெங்கடேசன் முன்னால் வைத்தாள். அவன் நிமிரவில்லை. அய்யனார்தான் வாய் விட்டான். என்னைத் திட்டாதே அண்ணி, ஐப்பசி பிறக்கும்வரை இறங்கவேண்டாம் என்று அம்மாதான் சொல்லி அனுப்பியது என்றான்.

செல்லியம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள்.

"வேல முடிஞ்சா நீ போயிடுவ. நல்ல நாளும் அதுவுமா மூத்த மருமவ எழவு வூட்ல போய்க் குந்திக்கினு, அதே காலோட வந்து நோன்புக் கவுறு கட்டுவியா? வேணாம்னு சொன்னா மூஞ்ச தூக்குவ. அதான் சொல்லல."

ஆக, யாரும் மறக்கவில்லை. ஐந்து வாரமாக அவள் சொன்ன ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். எது எந்த வாரம் முடியவேண்டும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு, அதை முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவள்தான் கை வெந்து ஏணியில் நின்றிருக்கிறாள். மறதி என்றால்கூட மன்னித்திருப்பாள், மறதிக்கு மருந்து சொல்லிக்கொண்டே இருப்பதுதான். இதற்கு என்ன மருந்து?

"நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அம்மா மனசு நோவக் கூடாதுன்னு..." என்று அவன் இழுத்தான்.

"எங்கப்பன் மனசு?"

அவன் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அம்சவள்ளி உள்ளே போனாள். முகம் கழுவிக்கொண்டு சீலையை மாற்றினாள். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புதுத்துணியைக் கையில் கொடுத்து, நாளைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நாளை மறுநாள் காலையில் அம்மா வந்துவிடுவேன் என்றாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டியபோது, படியிறங்கினால் அப்படியே இருந்துக்க என்று செல்லியம்மாள் சொன்னது காதில் விழுந்தது. அவள் படியிறங்கினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வெங்கடேசன் பின்னாலேயே வந்துவிட்டான். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. சண்டை போட வந்திருக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் சண்டை போடவில்லை. பஸ் வந்து நின்று, அவள் ஏறிய பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தா, அம்சா. சீயக்கா எங்க இருக்குது? சாமிக்கு எத்தினி மணிக்குப் படைக்கணும்? பின்னாடி செவுத்துக்கு இன்னா பண்றது? ஒண்ணும் சொல்லாம போய்க்கினே இருக்கிறியே."

"அஞ்சு வாரமா சொல்லிக்கினேதானே இருந்தேன்," என்றாள் அம்சவள்ளி. "உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குதே."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவன் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தான், பிறகு விட்டுவிட்டான். அவள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்கு இன்னொரு பஸ் மாறவேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னாள்.