சாட்சி சொன்ன வாய்

ஆரோக்கியதாஸ் அவசரப்பட்டுவிட்டார். வேறென்ன சொல்ல? உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டு எனப்படும் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்து முடித்த கையோடு, மறுபடி தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் முன்பே, ஊர்ச் செபஸ்தியார் கோயில் திருவிழாவில் கிடாய் கொடுத்து ஊருக்கே அசன விருந்து போட்டார். மைக்கைப் பிடித்து, "செபஸ்தியார் என் சீக்கைச் சுத்தமா எடுத்துட்டாரு" என்று சாட்சியும் சொன்னார். சேவுகம்பட்டிப் பக்கத்துச் சனம் அம்புட்டும் கைதட்டியது. அவர் மனைவி செபாஸ்தியம்மாளும் தட்டினாள். அன்றைக்கு அவளும் நம்பத்தான் செய்தாள்.

பந்தியில் உட்கார்ந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மனிதர் குழம்பை மட்டும் வழித்து நக்கிக்கொண்டு, கறித்துண்டுகளை நைசாகப் பக்கத்து இலைக்குத் தள்ளினார். அதிலிருந்து ஒவ்வொரு வேளையும் கவனித்தாள். வாய்க்கொரு மடக்குத் தண்ணீர். சாப்பிட்டதும் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கேட்டால் எரிந்து விழுவார்.

இப்போது திண்டுக்கல்லில் டாக்டரம்மா இளவேனில் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வாரம் கேமரா விட்டு எடுத்த சதையில இன்னும் நோய் இருக்குங்கய்யா" என்றார் டாக்டர். "கரண்டுல கட்டி நல்லாச் சுருங்குச்சு, ஆனா முழுசாப் போகல. ஸ்கேன்ல வேற எங்கயும் பரவல. அதனால ஆபரேசனுக்கு வழி இருக்கு. நோய் உள்ள குழாயை எடுத்துட்டு, இரைப்பையை நீளமாக்கி மேல இழுத்து இணைப்பாங்க. மதுரையில பண்ணுவாங்க. பெரிய ஆபரேசன்தான். நுரையீரல்ல சளி கட்டலாம், தையல் கசியலாம். உசுருக்கும் ஆபத்து உண்டு, அத மறைக்க மாட்டேன். ஆனா நோயை வேரோட எடுக்க இதுதான் நல்ல வழி."

"அந்தக் கம்பிவலைக் குழாய் ஒண்ணு வைப்பாங்களாமே" என்றார் ஆரோக்கியதாஸ். "அத வச்சா வெட்டுக்குத்து இல்லாம சாப்பிடலாம்ல?"

"ஸ்டென்ட்டா? அது அடைப்பை விரிச்சு வைக்கும், விழுங்க முடியும். ஆனா கட்டி அங்கயேதான் இருக்கும், வளரும். ஆபரேசன் முடியாதவங்களுக்குத்தான் அதை வைப்போம். இப்பவே அத வச்சுட்டா பின்னாடி ஆபரேசனும் சிக்கலாகும். ரொம்ப நாள் தள்ளினா பரவிரும், அப்ப அது ஒண்ணுதான் மிஞ்சும்." டாக்டர் நிறுத்திவிட்டுக் கேட்டார். "இப்பச் சாப்பாடு எப்படி இறங்குது?"

"ஜம்முனு இறங்குது" என்றார் அவர், கண்ணிமைக்காமல். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா."

கட்டிய புருஷனை டாக்டர் முன்னால் பொய்யன் என்று சொல்லச் செபாஸ்தியம்மாளுக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் விட்டால் ஆளே இருக்கமாட்டார். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. காத்திருக்கேன்" என்றார்.

எதிர்க்கடையில் அவள் ஒரு இட்லி வாங்கினாள். ஒரு ஓரமாக அவரை உட்காரவைத்து, தட்டை நீட்டினாள்.

"தண்ணி இல்லாம இதத் தின்னுங்க. இறங்கிருச்சுன்னா இந்த ஆபரேசன் பேச்சையே நான் எடுக்கல. பஸ் ஏறிருவோம்."

"என்ன, சோதிக்கிறியா?"

"ஆமா."

அவர் முறைத்தார். பிறகு வீம்புக்கு ஒரு விள்ளலை நன்றாக மென்று விழுங்கினார். ஒரு கணம் இறங்கியதுபோலத்தான் இருந்தது. அடுத்த கணம் நெஞ்சைப் பிடித்துக் குனிந்தார். கண்ணில் நீர் முட்டியது, வாயில் எச்சில் ஊறி வழிந்தது. எழுந்து மறைவுக்கு ஓடப் பார்த்தவரின் தோளை அழுத்தி, அவள் தன் உள்ளங்கையை வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இங்கயே துப்புங்க. எங்கிட்ட என்ன மறைவு?"

அவர் துப்பினார். அப்படியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஊரே கேட்டுச்சு, செபாஸ்தி" என்றார் கரகரத்த குரலில். "மைக்குல சொன்னேன். இப்ப அறுக்கப் போறேன்னா, அந்தச் சாமியவே பொய்யாக்கின மாதிரி ஆயிராதா? கோயில் வாசல்ல எப்படி நிப்பேன்?"

இந்த ஒரு வெட்கத்துக்காகவா மனிதர் உயிரை விடத் துணிந்தார்? அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அந்தச் சாட்சிய நான் மாத்திச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அதே மைக்கப் பிடிச்சு, எங்க வீட்டுக்காரருக்குச் சீக்கு இன்னும் போகல, ஆபரேசனுக்குப் போறாரு, வேண்டிக்கங்கன்னு சொல்றேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நீங்க வீட்லயே இருங்க."

அவர் துண்டால் அவள் உள்ளங்கையைத் துடைத்தார். விரல் விரலாக, மெதுவாக. துடைத்து முடித்து எழுந்தார்.

"நீ எதுக்குச் சொல்ற? சொன்ன வாய் இதுதான். நானே சொல்றேன்."

உள்ளே டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஆரோக்கியதாஸ் உட்காராமலே சொன்னார். "அம்மா, கொஞ்ச நாளா எனக்கு இட்லிகூட இறங்கல. மதுரைக்கு எழுதிக் குடுங்க."