விரல் பொறுக்கும் சூடு

மூடியைத் திறந்தபோது பால் பாலாகவே கிடந்தது. பாத்திரத்தை மெல்லச் சாய்த்துப் பார்த்தார். வெள்ளை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடியது. பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்ததற்கு அதுதான் பதில்.

முடிதிருத்துபவருக்கு நாற்பத்தாறு வயது. கீழே கடை, மேலே வீடு. எட்டு மாதத்துக்கு முன்புதான் கல்யாணம் ஆனது. மனைவி நர்ஸ். அவளுடைய முதல் கல்யாணத்தில் பிறந்த பெண்ணுக்குப் பதினோரு வயது. இந்த எட்டு மாதத்தில் அந்தப் பெண் அவரை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து சொல்வாள்.

மனைவி செவ்வாய்க்கிழமை காலை பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போனாள். போகும் முன் மகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "மூணு நாள் பாக்கறேன். சரிப்படலன்னா சித்தி வீட்டுக்குப் போயிடுவேன்." அதன்படி வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சித்தி வருவதாக ஏற்பாடு.

சரிப்படுவது என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அவள் இரண்டு வேளையும் தயிர் இல்லாமல் சாப்பிட மாட்டாள். கடைத் தயிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பாள். அம்மா வைக்கிற தயிர்தான் வேண்டும், கரண்டியால் வெட்டினால் வெட்டிய இடம் அப்படியே நிற்கிற தயிர். அம்மா வைத்துவிட்டுப் போனது முதல் நாள் மதியத்தோடு தீர்ந்தது. அதில் ஏழெட்டு ஸ்பூன் மட்டும் உறைக்காக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

போனில் மனைவி சொன்னதையெல்லாம் அவர் அப்படியே செய்தார். "பாலைக் காய்ச்சி ஆறவிடுங்க. விரலை வச்சா சூடு தெரியணும், ஆனா பொறுக்கணும். அப்ப ஒரு ஸ்பூன் உறை போட்டு வச்சுடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். புதன்கிழமை காலை பாத்திரத்தின் முன் நின்றபடி அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைத்தார். பின்னால் அந்தப் பெண் வந்து நின்றாள். எட்டிப் பார்த்தாள். ரொட்டியைத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் வெறுமனே தின்றுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கண்ணாடி ஜன்னலில் பனி அப்பிக் கிடந்தது. குளிருக்கு ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு என்று அவர் முடிவு செய்தார். அன்று சாயங்காலம் ஐந்து ஸ்பூன் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து, பாத்திரத்தைச் சாய்த்து, ஆட்டிப் பார்த்தார். படுக்கப் போகும் முன்பும் ஒரு தடவை.

வியாழன் காலை அது உறைந்திருந்தது, ஒரு மாதிரியாக. அடியில் திரிதிரியாகக் கட்டிகள். மேலே மஞ்சளாகத் தண்ணீர். நாக்கில் வைத்ததும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"பாக்கட்டும்" என்றாள் அந்தப் பெண். ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து நக்கினாள். "இதுல செம்பு விளக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போனாள். பெட்டியின் ஜிப்பை நீளமாக இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

கிண்ணத்தில் இன்னும் ஒன்றரை ஸ்பூன் இருந்தது. மணி ஆறரை. கடை திறக்க ஒன்பது மணி. மூன்றாவது தடவையும் தோற்றால், அவள் போன பிறகு ஆளில்லாத வீட்டில் தனியாக வெட்கப்பட வேண்டியிருக்கும். இருந்தாலும் அரை லிட்டர் பாலை அடுப்பில் வைத்தார்.

பொங்கி வந்ததும் இறக்கப் போனார். "இறக்காதீங்க" என்றது குரல். கையில் மடித்த சட்டையோடு அவள் வாசலில் நின்றாள். "அம்மா பொங்கின உடனே இறக்க மாட்டாங்க. தீயைச் சின்னதாக்கி பத்து நிமிஷம் விடுவாங்க. கிண்டிக்கிட்டே."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

அது நியாயம்தான். அவர் கிண்டினார். அவள் சட்டையை வைத்துவிட்டு, குளிர்பெட்டியிலிருந்த உறைக் கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சில்லிப்பு போகட்டும் என்றாள். பால் ஆறும்வரை பேச எதுவும் இல்லை. பாத்திரத்தின் ஆவி ஜன்னல் வெளிச்சத்தில் ஏறி மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் எத்தனையோ மௌனங்களை அவர் கடந்திருக்கிறார். பெரும்பாலானவற்றில் அவர் கதவுக்கு வெளியே நின்றது போலிருக்கும். இதில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியவில்லை.

சிறிது நேரம் கழித்துக் கையைக் கழுவி, சுண்டு விரலைப் பாலில் வைத்தார். சூடு தெரிந்தது. பொறுத்தது. "சரியா இருக்கு" என்று கிண்ணத்தை எடுத்தார்.

"நானும் பாக்கறேன்."

அவள் விரலை வைத்த வேகத்தில் வெளியே எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "ஸ்ஸ்... சுடுதே!"

"சுடுதா?"

மறுபடி விரலை வைத்துப் பார்த்தார். இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்கூட வைத்திருக்கலாம் போல. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் தோல் பளபளவென்று தடித்துச் சிவந்திருந்தது. இருபத்தைந்து வருஷமாக, முகச்சவரத்துக்கு முன் கொதிக்கிற தண்ணீரில் முக்கிய துண்டைப் பிழிகிற கை.

"நீங்க டவல் பிழியும்போது பாத்திருக்கேன்" என்றாள் மெதுவாக. "ஆவி பறக்கும். நீங்க பாட்டுக்குக் கதை பேசிக்கிட்டு இருப்பீங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். விரல் பொறுக்கணும் என்று மனைவி சொன்னபோது அவள் தன் விரலைச் சொன்னாள். அவர் தன் விரலைக் கேட்டார். முதல் நாள் போட்ட ஒரு ஸ்பூன் உறை சூட்டிலேயே செத்திருக்கும். இரண்டாம் நாள் ஐந்து ஸ்பூனில் ஏதோ கொஞ்சம் பிழைத்து, அதையும் ஆட்டி ஆட்டிக் கலைத்து... "இத்தனை நாள் என் கை நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

"கைக்கு ஒண்ணுமில்ல. தயிருக்கு ஆகாது, அவ்வளவுதான்."

அதன்பின் விரல் அவளுடையது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டாள். இல்லையென்று தலையை ஆட்டினாள். ஏடு படியாமல் அவர் கிண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் விரல் பாலுக்குள் பத்து எண்ணும்வரை நின்றது. "இப்ப."

உறையில் கொஞ்சம் பாலை விட்டுக் கட்டியில்லாமல் அடித்தாள். மீதிப் பாலோடு கலந்தாள். ஒன்றரை ஸ்பூன் போதுமா என்று அவர் கேட்டார். "கோடையில அரை ஸ்பூன்தான். குளிருக்கு இது. அதுக்கு மேல போட்டா புளிச்சிடும்." பெரிய அண்டா ஒன்றுக்குள் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் பையை ஒட்டாமல் சாய்த்து, மூடி, கடையிலிருந்து கொண்டுவந்த எட்டுத் துண்டுகளைச் சுற்றி, மேலே கம்பளியைப் போர்த்தினார்கள். மணி ஏழரை.

"இனிமே யாரும் தொடக்கூடாது" என்றாள் அவரை நேராகப் பார்த்து. "யாரும்."

ஒன்பது மணிக்குக் கடை திறந்தது. ஒன்பதரைக்கு எண்ணெய்ப் புட்டி எடுக்க மேலே போனார். பள்ளிக்கு விடுமுறை; அவள் அண்டாவுக்கு எதிரே நாற்காலி போட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். "எண்ணெய் கீழேயே இருக்கு" என்றாள் தலை நிமிராமல். பத்தேகாலுக்குச் சீப்பு. பதினொன்றுக்குக் கண்ணாடி துடைக்கும் துணி.

நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்த தபால்காரர் பொறுக்க முடியாமல் கேட்டார். "என்னய்யா, ஏறி ஏறி இறங்கறே. வீட்ல பிரசவமா?"

"தயிர் உறைய வச்சிருக்கேன்."

"அதுக்கு நீ முக்கணுமா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கத்தியை நிதானமாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்கு அவளே மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். பை ஆறிவிட்டது, தண்ணீர் மாற்ற வேண்டும். பாத்திரம் அசையாமல் பையை எடுக்க அவள் அவரை அனுமதித்தாள். வெந்நீரை நிரப்பும்போது மட்டும், "இருங்க, நான் தொட்டுப் பாக்கறேன்" என்றாள்.

ஐந்து மணிக்குச் சித்தி வந்தாள். ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். "அத்தான், நல்லா இருக்கீங்களா? குட்டி, பெட்டி ரெடியா?"

பெட்டி தயாராகத்தான் இருந்தது, கதவோரம். அவர் அதைத் தூக்கக் குனிந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் பெண்.

கம்பளியை விலக்கினாள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மூன்று தலைகள் குனிந்தன. மேல்பரப்பு வழவழவென்று அசையாமல் இருந்தது. அவள் பாத்திரத்தை ஒரு நூல் அளவு சாய்த்தாள். ஓரம் பாத்திரத்திலிருந்து பிரிந்து ஒரே துண்டாக நகர்ந்தது. நடுவில் மட்டும் மெல்லிய நடுக்கம்.

"உறைஞ்சிடுச்சே!" என்றாள் சித்தி. "ஒரு வாய் சாப்பிட்டுக் கிளம்பு, ஆட்டோ நிக்குது."

"நடுவுல இன்னும் பிடிக்கல. இப்ப கரண்டி போட்டா தண்ணி விட்டுடும்."

"எவ்வளவு நேரம்டி ஆகும்?"

"ஒரு மணி நேரம். அப்புறம் குளிர்பெட்டியில ரெண்டு மணி நேரம், இறுகறதுக்கு."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

அந்தப் பெண் மூடியைப் போட்டாள். துண்டைச் சுற்றினாள். முடிதிருத்துபவர் பெட்டியின் கைப்பிடியை விடவும் இல்லை, தூக்கவும் இல்லை.

"நீங்க போங்க சித்தி" என்றாள். "ஆட்டோவை நிக்க வைக்காதீங்க."

சித்தி அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். "தயிரை நம்பி என்னைத் துரத்தறா பாருங்க அத்தான்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள். கோபமில்லை. பாதிப் படியில் நின்று, "எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைடி" என்று கத்தினாள்.

எட்டரை மணிக்கு அவர்கள் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் கரண்டியை இறக்கி எடுத்தாள். வெட்டிய இடம் சுவர் மாதிரி நின்றது. அவர் மூச்சை விட்டார். முதல் கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் போட்டு மூடி, ஓரமாக வைத்தாள். உறைக்கு. அடுத்தது அவர் தட்டில் விழுந்தது. மூன்றாவது அவள் தட்டில்.

நாக்கில் வைத்து, கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் புளிப்பு வேணும்" என்றாள். "நாளைக்கு அரைமணி நேரம் கூட வைப்போம்."