சேர்ந்த நாள் முதல்

வக்கீல் என்பது அவர் படித்து வாங்கிய பட்டம் அல்ல. கூட வேலை பார்த்தவர்கள் அவர் தலையில் கட்டியது. வேலை என்னவோ நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். யாருக்காவது லீவு மறுக்கப்பட்டால், மழைக்கோட்டு வராமல் போனால், மேலிடத்துக்கு மனு எழுதுவது அவர்தான். ஒரு வரியில் முடிவதை ஒரு பக்கத்துக்கு இழுப்பார். அதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது தனக்காக ஒரு கடிதம் எழுதினார். கணக்குப் பிரிவுக்கு. காரணம் இருந்தது. நடுவில் மூன்று வருடம் அவரை வேறொரு ஊர் நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வருடங்களைச் சரிபார்த்ததாகப் பணிப்பதிவேட்டில் யாருமே கையெழுத்துப் போடவில்லை என்று எழுத்தர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்து இல்லையென்றால் ஓய்வூதியக் கணக்கில் அந்த மூன்று வருடமும் சேராது. கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடிதத்தை முதலில் படித்தது கட்டை. குள்ளமான உருவம், அதனால் அந்தப் பெயர். இருவரும் ஒரே உத்தரவில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வக்கீலுக்கு மூன்று மாதம் கழித்துக் கட்டைக்கும் ஓய்வு. ஷிப்டு மாறும் நேரம், மோட்டார் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உதடு அசையப் படித்தார்.

"எல்லாம் சரிடா. ஓய்வூதியக் கணக்க எழுத்துல குடுங்கன்னு கேட்டிருக்க, நல்லது. அந்த மூணு வருஷத்தப் பாருங்கன்னு கேட்டிருக்க, அதுவும் நல்லது. கடைசியில இது எதுக்கு?"

"எது?"

"'நான் பணியில் சேர்ந்த நாள் முதல் இன்று வரையுள்ள ஒவ்வொரு பதிவையும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து...' தூங்குறவன எதுக்கு எழுப்புற?"

"அப்படிப் போட்டாத்தான் ஒழுங்கா பார்ப்பாங்க."

"ஒழுங்கா பார்த்தா என்ன வரும்னு உனக்குத் தெரியுமா? அந்த வரிய அடிச்சிடு."

"அடிச்சா கடிதம் மொட்டையா நிக்கும்டா."

"நிக்கட்டுமே. உன் தலை நிக்கலையா?"

இருவரும் சிரித்தார்கள். சங்கு ஊதியது. கட்டை எழுந்து உள்ளே போனார், வக்கீலும் பின்னாலேயே. போகிறவரும் வருகிறவரும் ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடியில் ஒன்றாகக் கை வைத்துப் பார்ப்பது அந்த நிலையத்து வழக்கம். வெப்பமானி வந்த பிறகும் இது நிற்கவில்லை. போகிறவர் "சூடு?" என்பார். வருகிறவர் "சரி" என்பார். அதன் பிறகுதான் கையெழுத்து. இருவரும் இப்படிக் கைமாற்றிக்கொண்ட நாட்கள் எத்தனை என்று எண்ணினால் எண்ணுகிறவருக்கு வயதாகிவிடும்.

அன்று ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து, வக்கீல் கடிதத்தைச் சுத்தமாகத் திருப்பி எழுதினார். அந்த வரி வந்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுதினார். நல்ல வரி. விட மனசு வரவில்லை.

கணக்குப் பிரிவில் அவருடைய கடிதம் ஒரு பெண் அலுவலரிடம் போனது. மகள் வயதுதான் இருக்கும். மேசையில் எல்லாம் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருக்கும். இரண்டு மாதம் கழித்து அவரை வரச் சொல்லியிருந்தார்.

"உக்காருங்க சார். முதல்ல நல்ல சேதி. அந்த மூணு வருஷம் கிடைச்சிடுச்சு. அந்த ஊர் ஆபீஸ்ல பழைய சம்பளப் பட்டியல் இருந்தது. மாசா மாசம் நீங்க கையெழுத்து போட்டு வாங்கியிருக்கீங்க. அத வச்சு சரிபார்த்து பதிவேட்டுல ஏத்திட்டோம்."

வக்கீல் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "நீங்க நல்லா இருக்கணும்மா."

அந்தப் பெண் கூப்பிய கையைப் பார்க்கவில்லை. பதிவேட்டின் முதல் பக்கங்களைத் திருப்பினார். பழுப்பேறிய தாள், மங்கிய நீல மை.

"இன்னொன்னு இருக்கு சார். நீங்க சேர்ந்ததும் ஆறு மாசம் பயிற்சி. அந்த ஆறு மாசம் ஓய்வூதியத்துக்குச் சேரும், ஆனா வருடாந்திர ஊதிய உயர்வுக்குச் சேராது. உங்களுக்கு பயிற்சி தொடங்கின தேதியிலேர்ந்தே உயர்வு போட்டுட்டாங்க. அதுலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் ஆறு மாசம் முன்னாடியே உயர்வு வந்திருக்கு."

"நான் கேட்கலையேம்மா."

"நீங்க கேட்கல. தப்பு ஆபீஸோடது. ஆனா கூடுதலா போனது போனதுதான். பணிக்கொடையில பிடிக்கச் சொல்லி குறிப்பு போயிருக்கு. கடைசிச் சம்பளமும் ஒரு படி குறையுது."

அந்தப் பெண் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். எழுத்தில் கேட்ட கணக்கு எழுத்தில் வந்திருந்தது. மூன்று வருடம் கூடியதால் ஒரு பக்கம் ஏறியிருந்தது. உயர்வு தள்ளிப்போனதால் மறுபக்கம் இறங்கியிருந்தது. கடைசியில் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அவர் மூச்சு விட்டார். தனக்கு மோசமில்லை.

அப்போதுதான் உறைத்தது.

"எங்கள வேலைக்கு எடுத்த உத்தரவுல நாங்க நாலு பேரும்மா."

"ஆமா சார். ரெண்டு பேர் ஓய்வு பெற்று ரொம்ப வருஷமாச்சு. முடிவான ஓய்வூதியத்த இவ்வளவு நாள் கழிச்சு குறைக்க முடியாது. மிச்சம் ஒருத்தர் இருக்காரு, உங்க நிலையம்தான். அவரோட பதிவேட்டையும் வரவழைச்சு பார்த்தாச்சு, அவருக்கும் குறிப்பு போகுது."

கட்டைக்கு விட்டுப்போன வருடம் எதுவும் இல்லை. அவர் எந்த ஊருக்கும் போனதில்லை. அவருக்குக் கூடுவதற்கு ஒன்றும் இல்லை, குறைவதற்கு மட்டும்தான் உண்டு.

"நான் கடிதத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாங்கலாம் சார். குறிப்பு வாபஸ் ஆகாது."

"எப்படியும் ஓய்வு வரும்போது பார்த்திருப்பீங்க இல்ல?" ஆமாம் என்று ஒரு சொல் வந்தால் போதும் என்று அவர் முகம் கெஞ்சியது.

அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவர். "வழக்கமா கடைசி ரெண்டு வருஷச் சம்பளம்தான் சார் பார்ப்போம். பணிக்காலத்துக்கு வருஷா வருஷம் கையெழுத்து இருக்கான்னு பார்ப்போம். பழைய சம்பளத்தத் தோண்ட மாட்டோம், ஆள் இல்ல. நீங்க சேர்ந்த நாள் முதல் பக்கம் பக்கமான்னு எழுதியிருந்தீங்க. எழுத்துல கேட்டா எழுத்துல பதில் சொல்லணும். பார்த்துட்டு பார்க்கலன்னு என்னால எழுத முடியாது." சற்று நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிடித்தத்தத் தள்ளுபடி பண்ணச் சொல்லி அவர் மனு குடுக்கலாம். தப்பு அவரோடது இல்லைன்னு. சில பேருக்குக் குடுத்திருக்காங்க. உறுதி சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார். தன்னுடைய பேருந்து வந்து போனது. அடுத்ததும் போனது. கட்டையின் வீடு மனதில் நின்றது. அண்ணனும் தம்பியுமாகப் பாதிப் பாதி. அண்ணன் தன் பாதியை விற்கத் துடித்துக்கொண்டிருந்தார். "பணிக்கொடை வந்ததும் நானே வாங்கிக்கிறேன், வெளியாளுக்குக் குடுத்துடாத" என்று கட்டை தன் அண்ணன் காலில் விழாத குறையாகச் சொல்லி வைத்திருந்தார். அதைச் சொன்னபோது வக்கீலும் பக்கத்தில் இருந்தார். சாட்சியாக.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க சொன்னாங்க?"

"மூணு வருஷம் சேர்ந்துடுச்சு."

"அப்பாடா. கட்டை அண்ணன்கிட்ட சொன்னீங்களா? அவருதான் உங்களவிட அதிகமா விசாரிச்சாரு."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய சட்டையை மறுபடி எடுத்து மடித்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்; கேட்காததனால் இன்னும் கனத்தது.

அவர் கட்டைக்காக ஒரு மனு எழுதினார். தள்ளுபடி மனு. இந்த முறை அலங்காரம் ஒன்றும் இல்லை. தேவையான நாலு வரி. எழுதியதிலேயே அதுதான் நல்ல மனு என்று தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஷிப்டு மாறும் நேரத்துக்கு முன்பே போனார். கட்டை பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழுப்பு உறை ஒன்று. வக்கீலுக்கு அது என்னவென்று படிக்க வேண்டியிருக்கவில்லை.

"காலையில வந்தது" என்றார் கட்டை. "நீ நேத்து போயிட்டு வந்தியாமே."

"ஆமா."

"நேத்தே தெரியுமா?"

"ம்."

மோட்டார் சத்தம் சுவர் வழியே வந்துகொண்டிருந்தது. கட்டை டப்பா மூடியைத் துடைத்தார். நன்றாகக் காய்ந்த பிறகும் துடைத்தார்.

"உனக்கு எப்படி?"

"அந்த மூணு வருஷம் சேர்ந்ததால... ஈடாயிடுச்சு."

"நல்லது."

அந்தச் சொல்லில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"டேய், ஆபீஸ் தப்புதான். தள்ளுபடி கேட்கலாம்னு அந்தம்மாவே சொன்னாங்க. நான் எழுதியே கொண்டு வந்துட்டேன். நீ கையெழுத்து மட்டும்..." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

கட்டை அதை வாங்கவில்லை. தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எவ்வளவு நீளம்?"

"நாலு வரிதான்."

"நாலு வரி உனக்கு எழுத வருமா?" கட்டை சிரித்தார். சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது. "என் மருமகன்கிட்ட சொல்லியிருக்கேன். அவன் எழுதித் தருவான். அவனுக்கு அவ்வளவா எழுத வராது. அதுவே நல்லதுதான்."

"நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்."

"ஆமா" என்றார் கட்டை. பரவாயில்லை என்று சொல்வார் என்று வக்கீல் நின்றுகொண்டே இருந்தார். எத்தனையோ தடவை, எதற்கெல்லாமோ சொன்ன சொல்தான்.

சங்கு ஊதியது.

கட்டை உள்ளே போய்ப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். அழுத்தம், நீர்மட்டம், மின்னோட்டம் எல்லாவற்றையும் குறித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மோட்டாரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். தாண்டிப் போனார். டப்பாவையும் உறையையும் ஒரே கையில் பிடித்தபடி, திரும்பாமல்.

வக்கீல் பேரிங் மூடியில் கை வைத்தார். எப்போதும் போல இளஞ்சூடு. கேட்க ஆள் இல்லாததால் பதில் சொல்ல வாய் வரவில்லை. வெகு நேரம் கையை எடுக்காமல் நின்றார். அந்த நாலு வரித் தாள் இன்னொரு கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.