எல்லை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு

எதிர்வீட்டு டீச்சரின் கணவர் வீட்டைவிட்டுப் போனபோது இரண்டு பெட்டிகளையும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையையும் எடுத்துக்கொண்டு போனார். பெட்டி சரி, பலகையை எதற்குக் கழற்றினார் என்று எங்கள் குடியிருப்பில் பல நாள் விவாதம் நடந்தது. ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்கிற சாக்கில் உள்ளே போய்ப் பார்த்துவந்தவள் நான்தான். பலகை இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்திருந்தது. அதன் எதிரே உட்கார்ந்து டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று பார்க்கத்தான் போனேன். அழவில்லை. "ஸ்க்ரூடிரைவர் அவர்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நானும் டீச்சரும் அவள் கணவரும் ஒரே கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர்கள். அவர் தாடி வைத்தவர் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் தாடி. எங்களுக்கும் தாடிதான், முகத்துக்கு நேரே தவிர. இப்போது கல்லூரிக்குப் பின்னாலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். காரணம் இன்னொரு பெண் என்றார்கள், இல்லை என்றார்கள். நான் விசாரித்த வரையில் இன்னொரு பெண் யாரும் இல்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியிலேயே அமைந்த விடைத்தாள் திருத்தும் கூடத்தில் டீச்சருக்குப் பக்கத்து மேசை எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, கேட்டு வாங்கினேன். நீளமான கூடம், வரிசையாக மேசைகள், தலைக்கு மேலே கடகடவென்று சுற்றும் மின்விசிறி, கட்டுக்கட்டாக விடைத்தாள்கள். டீக்காரர் தினமும் சர்க்கரை போட மறந்த டீயைக் கொண்டுவருவார். கூடமே அவரைத் திட்டும். டீச்சர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பாள். வெந்நீர் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் குடித்திருப்பாள்.

"மேடம் மெஷின் மாதிரி திருத்துறாங்க" என்று புள்ளியியல்காரர் என் காதில் சொன்னார். "நமக்கு ஒரு கட்டு முடியறதுக்குள்ள அவங்களுக்கு ரெண்டு."

"மெஷினுக்குக்கூட எண்ணெய் போடணும்" என்றேன்.

வினாத்தாள் எடுத்தவர் தாடி. பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் விடைக்குறிப்பின் ஓரத்தில் 'காரணம் இல்லை என்றால் மதிப்பெண் இல்லை' என்று எழுதி இரண்டு கோடு போடுகிற மனிதர் எங்கள் ஊரில் ஒருவர்தான் உண்டு.

விஷயம் ஆறாவது கேள்வி. அதில் இரண்டு பகுதி. முதல் பகுதி, வேருக்குள் வேர். முதல் உறுப்பு 1. அடுத்து வரும் ஒவ்வொரு உறுப்பும், 1-லிருந்து முந்தைய உறுப்பைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தது. எழுதிப் பார்த்தால் √(1 − √(1 − √(1 − …))) என்று கூடைக்குள் கூடையாகப் போகும். அதன் எல்லையை, அதாவது போகப்போக அது நெருங்கிச் சேருகிற எண்ணைக் காண்க, எட்டு மதிப்பெண். இரண்டாம் பகுதி, n-இன் n-ஆம் மூலம், n பெரிதாகப் பெரிதாக எங்கே போகிறது என்பது.

முதல் பகுதிக்கு விடைக்குறிப்பு சொன்ன வழி எங்கள் எல்லோருக்கும் தூக்கத்தில்கூட வரும். எல்லையை L என்று வைத்துக்கொள். L = √(1 − L). இருபுறமும் வர்க்கப்படுத்து. L = (√5 − 1)/2, ஏறக்குறைய 0.618. முடிந்தது, அடுத்த தாள்.

இரண்டாம் பகுதியில்தான் தாடி பிள்ளைகளைப் பிழிந்திருந்தார். விடை 1. முக்கால்வாசிப் பேர், '1/n பூச்சியத்துக்குப் போகிறது, எதையும் பூச்சியம் அடுக்குக்கு உயர்த்தினால் ஒன்று, ஆகவே ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். விடை சரி, காரணம் ஓட்டை. அந்தக் காரணப்படி பார்த்தால் 2ⁿ-இன் n-ஆம் மூலமும் ஒன்றுக்குப் போகவேண்டும். அது போகாது, எப்போதும் இரண்டாகவே நிற்கும். அதனால் பூச்சியம் போடு என்பது தாடியின் கட்டளை. நான் மனசு கேட்காமல் ஒன்றிரண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கட்டளைப்படி பூச்சியம் போட்டுக்கொண்டே போனாள்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளுடைய சிவப்புப் பேனா நின்றது. அவள் பேனா நின்றால் எனக்குத் தெரியாமல் போகுமா? எட்டிப் பார்த்தேன்.

ஒரு தாள். முதல் பகுதிக்கு அந்தப் பிள்ளை எழுதியது இரண்டே வரி: '1, 0, 1, 0, … எல்லை இல்லை.' டீச்சர் அதற்கு ஏற்கெனவே பூச்சியம் போட்டிருந்தாள். கீழே இரண்டாம் பகுதியில் அதே பிள்ளை, n-இன் n-ஆம் மூலத்தை 1 + h என்று வைத்து, n = (1 + h)ⁿ என்று எழுதி, ஈருறுப்பு விரிவிலிருந்து ஒரே ஒரு உறுப்பைப் பிடித்துக்கொண்டு, h என்பது √(2/(n − 1))-ஐத் தாண்டமுடியாது, அது பூச்சியத்துக்குப் போகிறது, ஆகவே h-ம் போகிறது என்று முடித்திருந்தது. அந்தக் கூடத்தில் ஒரு ஓட்டையும் இல்லாத நிரூபணத்தை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன்.

"இவ்வளவு தெரிஞ்சது மேல ஏன் சும்மா ரெண்டு வரி எழுதுச்சு?" என்றேன்.

டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். அதில் பென்சிலால் போட்டாள். முதல் உறுப்பு ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூச்சியம், அதன் மூலம் பூச்சியம். ஒன்றிலிருந்து பூச்சியத்தைக் கழித்தால் ஒன்று, அதன் மூலம் ஒன்று. மறுபடியும் பூச்சியம். மறுபடியும் ஒன்று.

இந்தக் கேள்விக்கு நானும் எத்தனை தாளில் 0.618-க்கு எட்டு போட்டிருந்தேன்!

"காலையில ஒரு தாள்" என்றாள் டீச்சர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "இதே விடை. பூச்சியம் போட்டேன். படிக்கக்கூட இல்ல. கூட்டிப் பார்த்தப்போ தேறறதுக்கு ஆறு குறைஞ்சது."

அந்தக் கட்டு மதிப்பெண் பதிவு அறைக்குப் போய்விட்டது. நாலு மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் அந்தப் பிள்ளை பெயிலானது பெயிலானதுதான்.

டீச்சர் எழுந்து தலைமைத் தேர்வாளரிடம் போனாள். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி நானும் பின்னாலேயே போனேன். மனிதர் காகிதத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"எல்லாரும் எழுதற விடைதானேம்மா? இத்தனை வருஷமா இதுமாதிரி கணக்கு..."

"அந்தக் கணக்கெல்லாம் √(2 + √(2 + …)) மாதிரி சார். ஏறிக்கிட்டே போகும், ரெண்டைத் தாண்டாது. எல்லை இருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் L போடலாம். இது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

"சரி. ஆனா விடைக்குறிப்பை மாத்தணும்னா வினாத்தாள் எடுத்தவர் கையெழுத்து வேணும்." சொல்லிவிட்டு அவர் தவித்த தவிப்பைப் பார்க்கவேண்டுமே! "நான் வேணா யாரையாவது அனுப்பறேன்..."

"நானே போறேன்."

கூடத்தில் ஒரு பேனாகூட ஓடவில்லை. "இன்னிக்குத் தாடிக்கு நிகழ்தகவு சரியில்ல" என்றார் புள்ளியியல்காரர். வெள்ளைப் பலகைக்கு வட்டியும் முதலுமாக வாங்கப்போகிறாள் என்று எனக்கும் தோன்றியது. விடைக்குறிப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற சாக்கில் கூடவே நடந்தேன். விடைக்குறிப்பு மொத்தமே நாலு பக்கம்தான்.

தாடி துறை அறையில் தனியாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ரொம்ப நாளாகத் தயார் செய்து வைத்திருந்த ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்து நின்றது.

"நானே வரணும்னுதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தார். "உன்கிட்ட நான்..."

"ஆறாவது கேள்வி, முதல் பகுதி" என்றாள் டீச்சர். பென்சில் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

அவர் உட்கார்ந்தார். பார்த்தார். அவருடைய காதுமடல்கள் சிவந்தன.

"இல்லயே, நான் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேனே. 0.7071, 0.5412, 0.6773... ஆடி ஆடி 0.618-க்கு வந்துச்சே."

"எதுலேர்ந்து ஆரம்பிச்சீங்க?"

"அரையிலேர்ந்து."

"தாள்ல ஒண்ணுன்னு இருக்கு."

"பிள்ளைங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு கடைசியில மாத்தினேன். எங்க ஆரம்பிச்சாலும் அங்கதானே வந்து சேரும்னு..." பாதியில் நிறுத்தினார்.

"எல்லை இருக்குன்னு வச்சுக்கிட்டீங்க."

"வச்சுக்கிட்டேன்."

"காரணம் இல்லேன்னா மதிப்பெண் இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ரெண்டு கோடு போட்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கொண்டாடியிருப்பேன். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். மூலையில் அந்த வெள்ளைப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. தான் தங்கியிருக்கும் அறைக்குக் கொண்டுபோய் மாட்டக்கூட இல்லை. டீச்சர் அதைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்க்கிற மாதிரி.

தாடி விடைக்குறிப்பில் பழைய விடையை அடித்து, 'எல்லை இல்லை, முழு மதிப்பெண். சமன்பாட்டை மட்டும் தீர்த்தவர்களுக்குப் பாதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை.

"நீ எப்படி இருக்கே?" என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"தேதி போடலை" என்றாள் டீச்சர்.

தேதி போட்டார்.

நாலு மணி அடிக்கும் முன்பே கட்டு திரும்பி வந்தது. அந்தக் காலைத் தாளை அவள் தேடி எடுத்தாள். வேறு கையெழுத்து, சாய்வான குண்டு எழுத்து. அந்தப் பிள்ளையும் முதலில் 'L என்க' என்று ஆரம்பித்து, சமன்பாட்டைப் பாதி வரை தீர்த்து, எல்லாவற்றையும் குறுக்கே அடித்திருந்தது. கீழே '1, 0, 1, 0' எழுதி, பக்கத்தில் ஒரு வரி: 'எல்லையே இல்லாதபோது L எது?'

டீச்சர் அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். காலையில் அதன்மேல் தான் போட்ட பூச்சியத்தை அடித்துவிட்டு எட்டு போட்டாள். கூட்டிப் பார்த்து முகப்பில் திருத்தினாள். பிள்ளை தேறிவிட்டது. அப்புறமும் தாளை மூடாமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்தேன்.

டீக்காரர் வந்து டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"அண்ணே, இதுல சர்க்கரையே இல்லயே?"

டீக்காரர் திரும்பிப் பார்த்தார். கூடமே அவரைத் திட்டியபோதும் அசையாத மனிதர், என்னவோ முதல் தடவையாகப் புகார் கேட்கிறவர்போல மலைத்து நின்றார்.

"அது திருத்த ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தானம்மா இருக்கு."

"அப்படியா?" என்றாள் டீச்சர். கொஞ்ச நேரம் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். கைக்குட்டையை நான் பைக்குள் திணித்துக்கொண்டேன்.