கிளெய்ம் உறுதி

வெல்டர் இறந்த பதினாறாம் நாள் அவர் மனைவி போன் செய்தார். "தம்பி, கம்பெனியிலேருந்து ஆள் வந்து ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க கொஞ்சம் வரீங்களா?"

அவர் என்னிடம் ஆயுள் பாலிசி எடுத்துப் பதினோரு மாதம்தான் ஆகிறது. இவ்வளவு சீக்கிரம் சாவு வந்தால் கம்பெனி துருவித் துருவி விசாரிக்கும். அன்று விண்ணப்பத்தை நிரப்பியது நான். 'சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய்' எல்லாவற்றுக்கும் கேட்காமலே 'இல்லை' என்று டிக் அடித்தேன். மாதக் கடைசி; டார்கெட் தலைக்கு மேல். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

வெல்டர் வீட்டுக்குப் போனதும் அந்த அக்கா தன் போனை நீட்டினார். அதில் என் வாட்ஸ்அப் புரொஃபைல். கோட் போட்ட படம். என்னிடம் கோட்டே கிடையாது; ஸ்டுடியோவில் ஒட்டியது.

"'கிளெய்ம் உறுதி. உங்கள் குடும்பத்துக்கு நான் கேரண்டி'ன்னு போட்டிருக்கே. அப்ப வந்துடும்ல?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்து ஓடலாம் போலிருந்தது. உள்ளே சின்னவள் பள்ளிக்கூடப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுக்கா," என்றேன். "அவருக்குச் சர்க்கரை இருக்கான்னு நான் கேக்கவே இல்ல. நானா இல்லன்னு போட்டுட்டேன். அத கம்பெனிக்கு எழுதிக் குடுக்குறேன். என் லைசென்ஸ் போகலாம். எழுதினாலும் பணம் வரும்னு சொல்ல முடியாது. மறுத்தா மேல புகார் பண்ண வழியிருக்கு, கூட வரேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மொதல்ல இத மாத்துங்க. இன்னொரு வீட்டுல யாரும் இத நம்பிடக் கூடாது."

அங்கேயே உட்கார்ந்து என் போனில் பழையதை அழித்தேன். பிறகு எழுதினேன்: 'பத்து வருடமாக ஏஜென்ட். பாலிசி விற்றால் எனக்குக் கமிஷன் உண்டு. உடம்புக்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். மறைத்தால் கிளெய்ம் நின்றுபோகலாம். கிளெய்மை முடிவு செய்வது கம்பெனி, நான் அல்ல. வீட்டில் எல்லோரும் படித்துப் பார்த்து, யோசித்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை.'

அக்கா வாங்கி மெதுவாகப் படித்தார்.

"பாலிசி எழுதின அன்னைக்கு அவரு சர்க்கரை மாத்திரை அட்டைய சட்டைப் பையில வச்சிக்கிட்டுத்தான் உங்க முன்னாடி உக்காந்திருந்தாரு. சொல்லிடவான்னு என்னைப் பாத்தாரு. நான்தான், உறுதின்னு போட்டிருக்காரே, கேட்டா சொல்லிக்கலாம்னு கண்ண காட்டினேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். வாங்க எனக்குக் கை வரவில்லை.