அனாமத்தில் கிடந்த காசு

மூன்று வாரமாகத் தையல்காரிக்கு மெஷின் கடைக்காரர்தான் எதிரி. அவரிடம் வாங்கிய ஓவர்லாக் மெஷின் ஓரம் அடிக்காமல் நூலைத் தின்றது. ஐந்தாம் நாளே திருப்பிக் கொடுத்தாள். "பணத்தைக் கார்டுக்கே அனுப்பிட்டேம்மா," என்றார் அவர். வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வேறு மெஷின் வாங்காவிட்டால் மருத்துவமனைச் சீருடை ஆர்டர் கைநழுவிப் போகும். அறுபது செட். அது போனால் கடை வாடகைக்கே திண்டாட்டம். அந்தப் பயத்தில் பார்த்தவரிடமெல்லாம் அவரைத் திருடன் என்றாள். வாய் விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வங்கிக்கும் மூன்று முறை நடந்தாள். "எனக்குப் பணம் வந்திருக்கா?" என்று கேட்பாள். "வரலைம்மா," என்பார் கவுன்டர் மேடம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

திங்களன்று அவள் புருஷன் சொன்னான்: "அனுப்பினதுக்கு அத்தாட்சி கேளு. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். திருப்பி அனுப்பிய தேதி, தொகை, பரிவர்த்தனை எண், கார்டின் கடைசி நான்கு இலக்கம். அந்த நான்கைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுருங்கியது. பழைய கார்டு. மெஷின் வாங்கிய கையோடு தொழிலுக்கென்று புதுக் கணக்கு திறந்து, பழையதை மூடிவிட்டிருந்தாள்.

தாளோடு நேரே வங்கிக்குப் போனாள். மேடம் அதைப் பார்த்துக் கணினியில் தட்டினார்.

"நீங்க உங்களுக்கு வந்திருக்கான்னு கேட்டீங்க, நான் புதுக் கணக்கைப் பார்த்தேன். இந்த நம்பர்ல பணம் பேங்குக்கு வந்திருக்கு. மூடின கணக்குல வரவு வைக்க முடியாதே. அனாமத்துக் கணக்குல நிக்குது."

"அனாமத்தா?" அவளுக்குச் சுருக்கென்றது. "கண்ணு பூத்துப்போகத் தைச்ச காசு மேடம். அதுக்கு ஆளில்லையா?"

"யாருதுன்னு தெரியறவரைக்கும் வைக்கிற இடம்மா அது. எழுதிக் குடுங்க, உங்களுதாயிடும்."

எழுதினாள்: மூடிய கணக்கு எண், பழைய கார்டின் கடைசி இலக்கங்கள், பரிவர்த்தனை எண், தேதி, தொகை, அனாமத்துக் கணக்கிலிருந்து என் புதுக் கணக்கில் வரவு வைக்கவும். கடைக்காரர் கொடுத்த தாளையும் அடையாள அட்டை நகலையும் இணைத்தாள். இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்தினாள்.

வியாழன் மதியம் பணம் ஏறியது. அவளுக்கு அழுகையே வந்தது. அடுத்த நிமிடமே கடைக்காரர் நினைவு வந்தது. ஊரில் உடனே மெஷின் கிடைக்கும் கடை அவருடையது ஒன்றுதான்.

தலையைக் குனிந்துகொண்டு போனாள். "அண்ணே, உங்களைப் பத்திக் கண்டபடி பேசிட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க."

"காதுல விழுந்துதும்மா. ரெண்டு பேர் வந்து விசாரிச்சுட்டுக்கூடப் போனாங்க." நல்ல மெஷினாகப் பார்த்து எடுத்து, அவள் முன்னாலேயே துணி வைத்து ஓட்டிக் காட்டினார். பிறகு பில் புத்தகத்தைத் திறந்தார்.

"கார்டா, ரொக்கமாம்மா?"

"ரொக்கம்ண்ணே," என்றாள். "அந்த ரெண்டு பேர் யாருன்னு சொல்லுங்க. உங்க மேல தப்பில்லன்னு போற வழியில நானே போய்ச் சொல்லிடறேன்."